பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் இடம் அவருடையதா?



நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வரும் சொத்துத் தகராறுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. "பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் இருந்துட்டா இடம் அவருக்கே சொந்தமாமே, உண்மையா?" வாடகைக்கு விட்டவரும் கேட்கிறார், வாடகைக்கு இருப்பவரும் கேட்கிறார். குவைத்திலிருந்து போன் போட்டுக் கேட்பவர்களும் உண்டு. பாதி உண்மை என்று நாம் பதில் சொன்னால் யாருக்கும் திருப்தி வருவதில்லை. அதனால் மீதிப் பாதியை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தோம்.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறோம். பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம்.

கன்னங்குறிச்சி சாலையை ஒட்டி ஐந்து சென்ட் மனை. 2003-ல் ஒரு பாய் வாங்கினார். கிரயப் பத்திரம் அவர் பெயரில், பட்டாவும் அவர் பெயரில். வாங்கிய கையோடு வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். போகும்போது பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம், "சும்மாதானே கிடக்குது, உங்க கம்பி தகரத்தையெல்லாம் போட்டுக்கங்க. முள்ளு முளைக்காம பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் வார்த்தைதான். அவர் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள், நல்ல பழக்கம். 2011-ல் பட்டறைக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் 2012 ஜூனில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, கேட் வைத்து, பூட்டுப் போட்டார். மின் இணைப்பும் தன் பெயரில் வாங்கினார். பாயின் தம்பி போய்க் கேட்டபோது, "இது எங்க இடம், எங்கப்பா காலத்திலிருந்து நாங்கதான் இருக்கோம்" என்று பதில் வந்தது.

2014-ல் பாய் லீவில் வந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதில் நோட்டீஸும் வந்தது. "நோட்டீஸ் விட்டாச்சு, இனி அவன் ஒண்ணும் பண்ண முடியாது" என்று நிம்மதியாக விமானம் ஏறினார். 2023 நவம்பரில், மகளின் நிக்காஹ் செலவுக்காக அந்த மனையை விற்க நினைத்தபோதுதான் குடும்பத்தார் எங்களிடம் வந்தார்கள்.

இந்த ஒரு மனையை வைத்தே சட்டம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில் 65-வது இனம் என்று ஒன்று இருக்கிறது. தன் உரிமையை ஆதாரமாகக் கொண்டு நிலத்தை மீட்க வழக்குப் போடுபவருக்கு 12 ஆண்டு அவகாசம் என்கிறது அது. அந்த 12 ஆண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிராளி இடத்துக்குள் வந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. அவருடைய அனுபவம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அதனால்தான் நீதிமன்றத் தமிழில் இதற்கு 'எதிரிடை அனுபவம்' என்று பெயர். சும்மா அனுபவம் என்றால் போதாது, எதிரிடையாக இருக்க வேண்டும்.

எதிரிடை என்றால் என்ன? பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த மூன்று அளவுகோல்களை நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. பலவந்தமாக இருக்கக்கூடாது, மறைவாக இருக்கக்கூடாது, அனுமதியின் பேரில் இருக்கக்கூடாது. கர்நாடக வக்ஃப் போர்டுக்கும் மத்திய அரசுக்கும் இடையே நடந்த வழக்கில் 2004-ல் தீர்ப்புச் சொன்னபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. எதிரிடை அனுபவம் கோருபவர் எந்த நாளில் இடத்தைக் கைக்கொண்டார், எந்தத் தன்மையில், உரிமையாளருக்கு அது தெரிந்ததா, எத்தனை காலம், இடையூறின்றி வெளிப்படையாக நடந்ததா, இத்தனையும் அவரே வாதத்தில் எழுதி அவரே நிரூபிக்க வேண்டும். "ரொம்ப நாளா இருக்கோம்" என்பது பதில் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. "இது என் சொந்த இடம், நானே வாங்கினேன்" என்று ஒரு வாயாலும், "உன் இடம்தான், ஆனால் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது" என்று இன்னொரு வாயாலும் பேசினால் நிற்காது. எதிரிடை அனுபவம் என்று சொல்பவர், உரிமையாளர் வேறொருவர் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறார். இரண்டு வாதமும் ஒன்றையொன்று வெட்டிவிடும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

இப்போது நம் மனைக்கு வருவோம். 2003 முதல் 2011 வரை பட்டறைக்காரர் இருந்தது அனுமதியின் பேரில். அந்த எட்டு ஆண்டில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. அவர் நூறு ஆண்டு இருந்திருந்தாலும் சேராது. இதை உறுதி செய்யும் தீர்ப்பு ஒன்று நம் மாநிலத்திலிருந்தே போனது. ஆரிய க்ஷத்ரிய ராஜகுல வம்சத்து மடாலய நந்தவன பரிபாலன சங்கம் என்ற நீண்ட பெயர் கொண்ட ஒரு சங்கம், தன் சொத்துக்கு ஒரு காவலாளியை வைத்திருந்தது. பின்னாளில் காவலாளியின் மகன் நெடுங்கால அனுபவத்தைச் சொல்லி நீதிமன்றம் போனார். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காவலாளி, பராமரிப்பாளர், வேலையாள், இலவசமாகத் தங்க வைக்கப்பட்டவர் ஆகிய யாருக்கும், எத்தனை பத்தாண்டுகள் இருந்தாலும், சொத்தில் உரிமை வராது என்றும், உரிமையாளர் கேட்டவுடன் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கும் இதே போன்றது. சகோதரியின் வீட்டில் அவர் அனுமதியோடு இருந்த சகோதரர், அது தன் அனுபவம் என்று வழக்காடித் தோற்றார். நம் டிரஸ்டுக்குக் காவலாளியும் உண்டு, கடைகளும் உண்டு. ஆகவே இந்தத் தீர்ப்புகளை நாங்கள் கவனமாகப் படித்து வைத்திருக்கிறோம்.

அப்படியானால் மகனுடைய காலம்? அப்பாவுக்குக் கொடுத்த அனுமதி மகனுக்குச் சொத்தாக இறங்காது. ஆனால் அப்பா இறந்த அன்றே மகன் எதிரியாகவும் ஆகிவிடவில்லை, அவர் அப்படியே சும்மா இருந்திருந்தால் கடிகாரம் அசைந்திருக்காது. 2012 ஜூனில் சுவர் எழுப்பி, கேட் பூட்டி, உரிமையாளரின் தம்பியிடம் "எங்க இடம்" என்று வாய்விட்டுச் சொன்னாரே, அன்றுதான் ஓடத் தொடங்கியது. வெளிப்படையாக நடந்தது, பலவந்தம் இல்லை, உரிமையாளர் தரப்புக்குத் தெரிந்தும் விட்டது.

கணக்கு இதுதான். 2012 ஜூன் முதல் 12 ஆண்டு என்றால் 2024 ஜூன். அவர்கள் எங்களிடம் வந்தது 2023 நவம்பர். கையில் இருந்தது ஏழு மாதம்.

நோட்டீஸ் கடிகாரத்தை நிறுத்தாது

"2014-ல் நோட்டீஸ் விட்டோமே?" என்று பாய் போனில் கேட்டார். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறோம்.

வக்கீல் நோட்டீஸ், போலீஸில் கொடுக்கும் புகார், ஜமாஅத்தில் வைத்துப் பேசுவது, தாசில்தாருக்கு மனு, இவை எதுவுமே அந்த 12 ஆண்டை நிறுத்துவதில்லை. நிறுத்துபவை சில மட்டுமே. உரிமையியல் நீதிமன்றத்தில் இடத்தை மீட்க முறையாக வழக்குத் தாக்கல் செய்வது ஒன்று. இடம் சட்டப்படி உண்மையிலேயே உங்கள் கைக்குத் திரும்ப வருவது இன்னொன்று. "இடம் உங்களுடையதுதான், உங்கள் அனுமதியில் இருக்கிறேன்" என்று எதிராளி எழுத்தில் ஒப்புக்கொள்வது மற்றொன்று, அதன்பின் அவர் அனுபவம் எதிரிடையாக இருப்பதில்லை. இவை இல்லாமல் பத்து நோட்டீஸ் விட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னும் சொல்லப்போனால் நோட்டீஸ் சில சமயம் நமக்கே எதிராகத் திரும்பும். எதிராளி இடத்தைத் தன்னுடையது என்று கொண்டாடுவது உங்களுக்கு அன்றே தெரியும் என்பதற்கு உங்கள் நோட்டீஸே சாட்சி. இந்த வழக்கில் வந்த பதில் நோட்டீஸில், "2012 ஜூன் மாதம் முதல் சுவர் எழுப்பி எங்கள் சொந்த இடமாக அனுபவித்து வருகிறோம்" என்று தேதியோடு எழுதியிருந்தார்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அவருக்கு 12 ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும், அதற்கு முன் அவர் எதையும் கோரவில்லை என்பதையும் அதே வரி காட்டியது. பதில் நோட்டீஸைப் படிக்காமல் பீரோவில் வைக்காதீர்கள்.

வளைகுடாவில் இருந்தோமே, அந்தக் காலத்தைக் கழிக்கக்கூடாதா என்பது அடுத்த கேள்வி. கழிக்க முடியாது. எதிராளி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைத்தான் சட்டம் கழிக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தது அவர் பாடு. நம் ஏரியாவில் எத்தனை வீட்டில் ஆண்மக்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பேரைத் தொடும் விஷயம் என்பது புரியும். சிறுவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கடிகாரம் தொடங்கும்போது உரிமையாளர் மைனராக இருந்தால், 12 ஆண்டு முடிந்துவிட்டாலும், 18 வயது நிறைந்ததிலிருந்து 3 ஆண்டு வரை அவர் வழக்குப் போடலாம். ஆனால் கடிகாரம் தந்தை உயிரோடு இருந்தபோதே ஓடத் தொடங்கியிருந்தால், அவர் இறந்து சொத்து மைனர் பிள்ளைகளுக்கு வந்ததால் அது நிற்காது. யத்தீம் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

12 ஆண்டு முடிந்தால் என்ன ஆகும்? கடன் பாக்கிக்குக் காலம் கடந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் கடனாகவே நிற்கும். நிலத்தில் அப்படி இல்லை. காலவரம்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, உரிமையாளரின் உரிமையே அழிந்துவிடும் என்கிறது. அதோடு, 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இப்படி 12 ஆண்டு நிறைவு செய்தவர் தற்காப்புக்கு மட்டுமல்ல, தானே வாதியாக வந்தும் உரிமையை நிலைநாட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அதைக் கேடயமாக மட்டுமல்ல, வாளாகவும் பிடிக்கலாம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. பத்திரத்தோடு வழக்குக்குப் போகும் உரிமையாளர் தன் உரிமையை நிரூபித்தால் போதும். கடந்த 12 ஆண்டில் தான் அனுபவத்தில் இருந்ததாக நிரூபிக்கும் சுமை அவருக்கு இல்லை. 12 ஆண்டு எதிரிடையாக இருந்ததை நிரூபிக்கும் சுமை முழுவதும் எதிராளி தலையில்தான். மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது இவையெல்லாம் அவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும். எந்தத் தன்மையில் இருந்தார் என்பதைக் காட்டாது. வாடகைக்காரரும்தான் மின் கட்டணம் கட்டுகிறார்.

அந்தக் குடும்பத்தின் வக்கீல் செய்தது இதுதான். பட்டா, தாய்ப்பத்திரம், 2003 முதல் வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்தார். பதில் நோட்டீஸையும் சேர்த்தார். உரிமை விளம்புகைக்கும் சுவாதீனம் மீட்பதற்கும் சேர்த்து 2024 பிப்ரவரியில் வழக்குத் தாக்கல் செய்தார். "இன்னும் நாலு மாசம் இருக்கே, ரம்ஜான் முடிஞ்சு போடலாமே" என்று குடும்பத்தில் ஒருவர் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். எதிராளி நாளை வந்து ஜூன் இல்லை, 2012 மார்ச்சிலேயே சுவர் கட்டினோம் என்று சாட்சி வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சரியான கேள்வி. எதிராளி சொல்லக்கூடிய மிக முந்தைய தேதியிலிருந்து எண்ணி, அதற்கும் முன்னால் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு இன்னும் நடக்கிறது.

வாடகைக்காரரும் உடன்பிறந்தாரும்

வாடகைக்காரர் விஷயத்தில் பயம் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. வாடகைக்கோ குத்தகைக்கோ வந்தவர், அந்த உறவு நீடிக்கும் வரை, வீட்டுக்காரரின் உரிமையை மறுக்கவே முடியாது. முப்பது ஆண்டு வாடகை கொடுத்தால் வீடு சொந்தமாகிவிடும் என்பது டீக்கடைப் பேச்சு. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வாடகையை முறைப்படி முடித்துவிட்டதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதன்பின் வழக்குப் போடாமல் ஆண்டுக்கணக்கில் சும்மா இருப்பது. வாடகை முடிந்த நாளிலிருந்து மீட்பதற்கு 12 ஆண்டுதான் அவகாசம்.

அதைவிட நம் வீடுகளில் அதிகம் நடப்பது உடன்பிறந்தார் விவகாரம். அத்தா மவுத்தான பின் வீட்டில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். அக்கா தங்கைகள் கல்யாணமாகி மேட்டூருக்கோ, நாமக்கல்லுக்கோ, ஈரோட்டுக்கோ போய்விடுகிறார்கள். சகோதரனுக்கு இரண்டு பங்கு, சகோதரிக்கு ஒரு பங்கு என்பது ஷரீஅத் கணக்கு, அது எல்லோருக்கும் தெரியும். இருபது ஆண்டு கழித்து ஒரு சகோதரி பங்கு கேட்கும்போது, "காலம் போயிடுச்சு, இனி ஒண்ணும் கிடையாது" என்கிறார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்.

சகோதரிகளே, அது தவறு. கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 1957-லேயே ஆந்திராவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. பின்னர் 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான, தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வழக்கிலும் மறுபடி சொல்லியிருக்கிறது. ஒரு வாரிசு தனியாகக் குடியிருந்ததோ, வருமானம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டதோ போதாது. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதும் மட்டுமே போதாது, பட்டா வருவாய்த் துறைக் கணக்குதானே தவிர உரிமைப் பத்திரம் அல்ல. மற்ற வாரிசின் உரிமையை அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 ஆண்டு ஓடியிருக்க வேண்டும்.

எச்சரிக்கையும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பங்கு கேட்டு, "உனக்குக் கிடையாது" என்று சகோதரர் வக்கீல் மூலம் எழுதியே அனுப்பிவிட்டால் கடிகாரம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சகோதரர் முழுச் சொத்தையும் தனக்கே உரியது என்று வெளியாளுக்கு விற்று, அவர் வந்து வெளிப்படையாகக் குடியேறினாலும் அப்படித்தான். அந்த வெளியாள் உங்கள் உடன்பிறப்பு அல்ல, உங்கள் சார்பில் அனுபவிக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

வக்ஃப் நிலத்துக்கு இப்போது என்ன நிலை

"வக்ஃப் சொத்து கியாமத் வரை வக்ஃப்தான், அதற்குக் காலவரம்பு கிடையாது" என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மார்க்கப்படி சரி. நீதிமன்றத்தில் அது எப்போதும் சரியாக இருந்ததில்லை. லாகூரின் ஷஹீத்கஞ்ச் பள்ளிவாசல் வழக்கில் 1940-ல் லண்டன் பிரிவி கவுன்சில், பள்ளிவாசலாக அர்ப்பணிக்கப்பட்ட சொத்தும் எதிரிடை அனுபவத்தால் இழக்கப்படலாம் என்று தீர்ப்பளித்தது. சுதந்திரத்திற்குப் பின் 1959-ல் தனிச் சட்டம் போட்டுப் பொது வக்ஃப் சொத்துகளை மீட்க அவகாசத்தை நீட்டித்தார்கள். 1995-ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 107-வது பிரிவு, வக்ஃப் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டமே பொருந்தாது என்றது. அதுதான் பெரியவர்கள் மனதில் நின்றது.

ஆனால் அந்த 107-க்கும் ஒரு எல்லை இருந்தது. நம் மாநிலத்தைச் சேர்ந்த ஐந்து கோரி தைக்கால் வக்ஃப் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், 1995 சட்டம் வருவதற்கு முன்பே காலம் கடந்து அழிந்துபோன உரிமையை 107-வது பிரிவு உயிர்ப்பித்துத் தராது என்று சொல்லிவிட்டது. மேலே சொன்ன 27-வது பிரிவின் வேலை அது. இறந்த உரிமை மறுபடி எழுவதில்லை.

இப்போது அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, வக்ஃப் நிலங்களுக்கும் காலவரம்புச் சட்டம் பொருந்தும். திருத்தத்தை எதிர்த்த வழக்குகளில் 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் வேறு சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தியது. இந்தப் பிரிவை நிறுத்தவில்லை. ஆகவே முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும், "போர்டு பார்த்துக்கொள்ளும்" என்று இருக்க முடியாது. கபரஸ்தான் ஓரத்தில் யாராவது வேலி போட்டிருந்தால், வாடகை கட்டாமல் "இது எங்களுடையது" என்று சொல்பவர் யாராவது இருந்தால், அது எந்த ஆண்டு நடந்தது என்பதை இந்த மாதமே எழுதி எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். முன்னாள் முத்தவல்லி காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த இடமாக இருந்தால் கணக்கு வேறு. அவர் இறந்த அல்லது விலகிய நாள், புது முத்தவல்லி பொறுப்பேற்ற நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 12 ஆண்டு. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மறுபக்கத்திலிருந்தும் எங்களிடம் ஒருவர் கேட்டார். "நான் பதினஞ்சு வருஷமா இருக்கேன். சட்டம் எனக்குத் தருது. எடுத்துக்கிட்டா ஹலாலா?" நேரடியாக எங்கள் கருத்தைச் சொன்னோம். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில் ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்ற நபிமொழியின் பொருளை மதரஸாவில் ஓதிய சிறுவனும் அறிவான். உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பு இதில் அழகான ஒரு வேறுபாடு செய்தது. சாதாரணச் சொத்து வழக்கை 15 ஆண்டுக்குப் பின்னும், வக்ஃபின் மூலச் சொத்து பற்றி முத்தவல்லி தொடுக்கும் வழக்கை 36 ஆண்டுக்குப் பின்னும் காழி விசாரிக்க மாட்டார், பொய்ச் சாட்சிக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் பயந்து. ஆனால் காலம் கடந்ததால் ஹக்கு அழிந்துவிடுவதில்லை. எதிராளி ஒப்புக்கொண்டால் எத்தனை ஆண்டு ஆனாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டம் ஹக்கையே அழிக்கிறது, மஜல்லா கதவை மட்டும் சாத்துகிறது. இந்தியச் சட்டத்தின் கடுமையை 2008-ல் உச்ச நீதிமன்றமே விமர்சித்து, மாற்றுவது பற்றி யோசிக்கும்படி அரசிடம் சொன்னது. 2023-ல் சட்ட ஆணையம் தன் 280-வது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று முடித்தது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கேட்டவர் பேசாமல் எழுந்து போனார்.

ஒரு தாள் போதும்

உங்கள் இடத்தில் உறவினரோ நண்பரோ வேலையாளோ இருக்கிறார் என்றால், இன்று நல்லுறவு இருக்கும்போதே ஒரு தாள் எழுதி வாங்குங்கள். அவரை அவமதிப்பதாக நினைக்க வேண்டாம். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. முத்திரைத்தாளில் இவ்வளவு இருந்தால் போதும்:

"கீழ்க்கண்ட சர்வே எண்ணில் உள்ள இடம் இன்னாருக்குச் சொந்தமானது. அதில் நான் அவருடைய அனுமதியின் பேரில் மட்டுமே, வாடகையின்றி இருந்து வருகிறேன். எனக்கோ என் வாரிசுகளுக்கோ அதில் உரிமை எதுவும் இல்லை. அவர் கேட்கும்போது ஒப்படைப்பேன்."

தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் வாரிசுகளிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்த அந்தத் தேதியை டைரியில் குறித்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போங்கள். கன்னங்குறிச்சி சாலை பாய் 2011-ல் மய்யித்துக்கு வந்தபோது இந்த ஒரு தாளை வாங்கியிருந்தால் எங்கள் அலுவலகப் படி ஏறியிருக்க மாட்டார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பகமான ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுவர், வேலி, பூட்டு, புதுப் பெயர்ப் பலகை இவற்றில் ஏதாவது தென்பட்டால் அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிட வேண்டும். புறம்போக்கு என்றால் அரசுக்கு 30 ஆண்டு அவகாசம், அதோடு ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டமும் உண்டு. ஆகவே அதில் வீடு கட்டிவிட்டு 12 ஆண்டு கணக்குப் பார்க்க வேண்டாம்.

எங்கள் டிரஸ்டின் காவலாளி, கடை வாடகைக்காரர்கள் அனைவரிடமும் மேற்கண்ட மாதிரியில் இந்த ஆண்டு புதிதாக எழுதி வாங்கியிருக்கிறோம். மாதிரித் தாள் அலுவலகத்தில் உள்ளது. அஸருக்குப் பின் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.